12 ரன்னா, 13 ரன்னா? கிரிக்கெட் ஆட்டச் செய்தியைத் தமிழில் எழுதும் முறை

கிரிக்கெட் ஆட்டச் செய்தியின் முதல் வாக்கியத்திலேயே வென்றது யார், தோற்றது யார், எவ்வளவு வித்தியாசம், ஆட்டம் எங்கே திரும்பியது என்ற நான்கும் வந்துவிட வேண்டும். டாஸில் தொடங்கி வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது வானொலி வர்ணனையின் முறை. வர்ணனையாளருக்கு அடுத்த பந்தில் என்ன நடக்கும் என்றே தெரியாது. கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்வதுதான் அவர் வேலை. செய்தி எழுதுகிறவர் முடிவு தெரிந்த பிறகு எழுத உட்காருகிறார். வாசகரும் பெரும்பாலும் முடிவைத் தெரிந்துகொண்டுதான் மறுநாள் பத்திரிகையைப் பிரிக்கிறார். அவருக்கு வேண்டியது, அந்த முடிவு எப்படி வந்தது என்ற விவரம்.

இதை ஓர் உண்மையான ஆட்டத்தை வைத்துப் பார்ப்பது எளிது. 1999 ஜனவரி 28 முதல் 31 வரை சென்னை சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட், செய்தி எழுதுகிறவரின் கையைச் சோதிக்கும் எல்லாம் அடங்கிய ஆட்டம். பாகிஸ்தான் இந்திய மண்ணில் 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஆடிய டெஸ்ட் அது. முதல் இன்னிங்ஸில் பாகிஸ்தான் 238, இந்தியா 254. இரண்டாவது இன்னிங்ஸில் ஷாகித் அப்ரிடி 141 ரன் எடுத்தும் பாகிஸ்தான் 286 ரன்னில் ஆல் அவுட். இந்தியாவின் இலக்கு 271. முதுகு வலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ரன் எடுத்து, அணியை வெற்றிக்கு 17 ரன் தூரம்வரை கொண்டுவந்து ஆட்டமிழந்தார். கையில் இருந்த மூன்று விக்கெட்டும் அடுத்த 4 ரன்னுக்குள் விழுந்தன. இந்தியா 258 ரன்னில் முடிந்தது.

இப்படியோர் ஆட்டத்துக்கு, “டாஸ் வென்ற பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம் முதலில் மட்டை பிடிக்கத் தீர்மானித்தார்” என்று தொடங்கினால், நான்கு நாள் கதையையும் கடந்துதான் வாசகர் சச்சினிடம் வந்து சேர முடியும். “கிரிக்கெட் ரசிகர்களின் இதயத்தை நொறுக்கிய ஆட்டம்” என்று தொடங்கினால் உணர்ச்சி இருக்கிறது, செய்தி இல்லை. “வெற்றிக்கு 17 ரன் இருந்தபோது சச்சினை இழந்த இந்தியா, மீதி மூன்று விக்கெட்டையும் 4 ரன்னுக்குள் பறிகொடுத்து, பாகிஸ்தானிடம் 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது” என்று எழுதினால் நான்கும் வந்துவிடுகின்றன. அந்த 17-க்கும் 4-க்கும் உள்ள தூரத்திலேயே வாசகரின் மனம் கனத்துவிடும். அடைமொழி எதுவும் தேவைப்படாது.

அடுத்தது கணக்கு. ஆட்டச் செய்திகளில் வரும் தவறுகளில் பாதி இங்கேதான் நேர்கின்றன. மேலே சொன்ன ஆட்டத்தில் இலக்கு 271, இந்தியா எடுத்தது 258. கழித்தால் 13 வருகிறது. அவசரத்தில் எழுதுகிறவர் “13 ரன் வித்தியாசம்” என்று போட்டுவிடுவார். சரியான விடை 12. இந்தியா முதல் இன்னிங்ஸில் 16 ரன் முன்னிலை பெற்றிருந்தது. பாகிஸ்தானின் 286 ரன்னிலிருந்து அதைக் கழித்தால் 270. அந்த 270 ரன்னை எடுத்தால் இரு அணிகளின் மொத்தமும் ஒன்றாகும். வெல்வதற்கு அதற்குமேல் ஒரு ரன் வேண்டும். அதனால்தான் இலக்கு 271. தோற்ற அணி எத்தனை ரன் பின்தங்கியது என்று சொல்லும்போது, சமனாகும் 270 ரன்னிலிருந்துதான் கணக்கிட வேண்டும். ஆக, இலக்கைத் துரத்தித் தோற்ற எந்த அணிக்கும், இலக்குக்கும் எடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒன்றைக் குறைத்தால் வருவதே தோல்வியின் அளவு. ஒருநாள் ஆட்டத்துக்கும் இருபது ஓவர் ஆட்டத்துக்கும் இதே கணக்குதான்.

துரத்தும் அணி வென்றுவிட்டால் கணக்கு ரன்னிலிருந்து விக்கெட்டுக்கு மாறும். 2001 மார்ச்சில் இதே சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 155 ரன் இலக்கை இந்தியா 8 விக்கெட் இழந்து எட்டியது. இது “2 விக்கெட் வித்தியாச வெற்றி”. இழந்த விக்கெட்டுகளைப் பத்திலிருந்து கழித்து, மிச்சமிருப்பதைத்தான் சொல்ல வேண்டும். “8 விக்கெட் வித்தியாசத்தில் இந்தியா வென்றது” என்று எழுதிவிட்டால், மூச்சுத் திணறிக் கிடைத்த வெற்றி அலட்சியமாகக் கிடைத்த வெற்றியாகத் திரிந்துவிடும்.

டிரா, டை இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. “ஆட்டம் சமநிலையில் முடிந்தது” என்றால் வாசகருக்கு எது என்று புரியாது. டெஸ்டில் நேரம் தீர்ந்து, ஆட்டம் முடியாமலே நின்றுபோவது டிரா. இரு அணிகளின் மொத்த ரன்னும் ஒன்றாக இருந்து, கடைசியில் ஆடிய அணி எல்லா விக்கெட்டையும் இழப்பது டை. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 348 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 347 ரன்னில் ஆல் அவுட் ஆனதே, அது டை. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒரு டைதான் நடந்திருந்தது. டிராக்களோ நூற்றுக்கணக்கில் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் “டை”, “டிரா” என்று மக்கள் வாயில் புழங்கும் சொல்லையே எழுதுவது நல்லது. தமிழ்ச் சொல்தான் வேண்டும் என்றால், டிராவுக்கு “முடிவின்றி முடிந்தது”, டைக்கு “ரன்கள் சமமாகி முடிந்தது” என்று விரித்துச் சொல்லலாம்.

ஒருவர் எப்படி ஆட்டமிழந்தார் என்பதை எழுதும்போது விதியும் வினைச்சொல்லும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கேட்ச், போல்டு, எல்பிடபிள்யூ, ஸ்டம்பிங் ஆகியவற்றில் விக்கெட் பந்துவீச்சாளரின் கணக்கில் சேரும். ரன் அவுட்டில் சேராது. ஆகவே “சக்லைன் முஷ்டாக் ரன் அவுட் மூலம் ஒரு விக்கெட்டை வீழ்த்தினார்” என்று எழுதவே கூடாது. கேட்ச்சில் இருவருக்குப் பங்கு உண்டு. “சக்லைன் பந்தில் வாசிமிடம் கேட்ச் கொடுத்து சச்சின் ஆட்டமிழந்தார்” என்னும்போது வீசியவர் யார், பிடித்தவர் யார் என்பது வேற்றுமை உருபுகளிலேயே தெளிவாகிவிடுகிறது. வீசியவரே பிடித்தால் “தன் பந்தில் தானே பிடித்து” என்றோ “காட் அண்ட் போல்டு” என்றோ எழுதலாம். அதே ஆட்டத்தில் சுனில் ஜோஷியை சக்லைன் அப்படித்தான் வெளியேற்றினார்.

போல்டு என்ற ஒரே சொல்லுக்குள் நேர் எதிரான இரண்டு காட்சிகள் ஒளிந்திருக்கும். அன்று காலை ராகுல் டிராவிடை வாசிம் போல்டு ஆக்கிய பந்து, ஸ்டம்புகளை நோக்கி வந்து, கடைசி நேரத்தில் வெளியே விலகி, மட்டையைத் தாண்டிப் போய் ஆஃப் ஸ்டம்பைத் தாக்கியது. சரியாகத் தடுக்கப்போன மட்டையாளரை ஏமாற்றிய பந்து அது. அதற்கு “ஸ்டம்பைத் தகர்த்தது” என்று எழுதினால்கூட ஓரளவு பொருந்தும். அன்றைய கடைசி விக்கெட்டும் போல்டுதான். ஆனால் சக்லைனின் பந்தை ஜவகல் ஸ்ரீநாத் தடுத்துவிட்டார். மட்டையில் பட்டு அவர் காலருகே விழுந்த பந்து மெல்லப் பின்னோக்கி உருண்டு ஸ்டம்பைத் தொட்டது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்துவிட்டது. இதற்குப் போய் “ஸ்டம்பைப் பறக்கவிட்டார்”, “தகர்த்தார்”, “சிதறடித்தார்” என்று எழுதுவது பொய். “க்ளீன் போல்டு” என்பதும் தவறு. மட்டையிலோ உடம்பிலோ படாமல் பந்து நேராக ஸ்டம்பில் பட்டால்தான் அந்தப் பெயர். நான்கு நாள் ஆடிய ஆட்டம், சில அங்குலம் உருண்ட ஒரு பந்தில் முடிந்தது என்பதே அந்தக் காட்சியின் வலி. “உருண்டு தொட்டது” என்ற இரண்டு சாதாரண வினைகள் அதை அப்படியே பிடித்துக்கொடுத்துவிடும்.

விறுவிறுப்பான வினைச்சொல் என்றால் உரத்த வினைச்சொல் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். விளாசினார், வெளுத்தார், மிரட்டினார், அசத்தினார், தெறிக்கவிட்டார், விஸ்வரூபம் எடுத்தார் என்று தொடரும் அந்தப் பட்டியலில் உள்ள எந்தச் சொல்லும் பந்து எங்கே போனது என்று சொல்வதில்லை. “அப்ரிடி விளாசினார்” என்று படிக்கிறவருக்கு அவர் முன்காலில் வந்து அடித்தாரா, பின்காலில் நின்று அடித்தாரா, பந்து தரையோடு போனதா, தலைக்கு மேல் போனதா என்பது தெரியாது. அப்ரிடியின் பெயரை எடுத்துவிட்டு வேறு யாருடைய பெயரைப் போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். சொல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

நல்ல வினைச்சொல் மூன்றில் ஒன்றையாவது காட்டும்: ஆடுகிறவரின் உடல் அசைவு, மட்டை போன வழி, பந்து போன வழி. தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். பந்து குத்தி எழும்பும், எகிறும், திரும்பும், தாழ்ந்து வரும், உள்ளே வரும், வெளியே விலகும், வழுக்கிக்கொண்டு வரும். மட்டை அதைத் தள்ளும், தட்டிவிடும், வெட்டும், திருப்பிவிடும், விரட்டும், தூக்கும். மட்டையாளர் இறங்கி வருவார், ஒதுங்குவார், குனிவார், காலை நீட்டுவார், பந்தைத் தொடாமல் விடுவார். டிரைவ் அடித்தார் என்பதற்கு “முன்காலை நீட்டி கவர் திசையில் விரட்டினார்” என்றும், கட் ஆடினார் என்பதற்கு “பின்காலில் நின்று பாயிண்ட் பக்கம் வெட்டினார்” என்றும் எழுதினால், கிரிக்கெட் அறியாத வாசகருக்கும் உருவம் தெரியும், அறிந்தவருக்கும் அடி தெரியும். ஸ்வீப், புல், ஹுக் போன்றவற்றுக்கு இப்படி ஒட்டிவரும் தமிழ் வினை அமையவில்லை. அவற்றை அப்படியே எழுதி, “மண்டியிட்டு ஸ்வீப் செய்தார்” என்பதுபோல் உடல் அசைவை முன்னால் சேர்த்துக்கொண்டால் போதும்.

வினையெச்சங்களை அடுக்கிக் கடைசியில் முற்றுவினையை வைக்கும் தமிழ் வாக்கிய அமைப்பு, ஒரு பந்தின் கதையைச் சொல்வதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. “இறங்கி வந்து, பந்து குத்துமுன்பே எட்டி, பந்துவீச்சாளரின் தலைக்கு மேல் தூக்கியடித்தார்” என்னும்போது வாசகரின் கண் அசைவை வரிசையாகத் தொடர்கிறது. முடிவு வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வந்து விழுகிறது. இதற்கு ஓர் எல்லையும் உண்டு. மூன்று எச்சங்களுக்கு மேல் அடுக்கினால் எழுவாய் மறந்துபோகும். வாக்கியத்தை வாய்விட்டுப் படித்து, மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே புள்ளி வைத்துவிடலாம்.

அணியின் நிலையைச் சொல்லும் வினைகளிலும் அளவு தவறக்கூடாது. “சுருண்டது” என்பது அணி மொத்தமாகக் குறைந்த ரன்னில் முடங்கியதைச் சொல்லும். 271 ரன்னைத் துரத்தி 258 எடுத்த அணியைச் “சுருண்டது” என்று சொல்ல முடியாது. அது போராடித் தோற்ற அணி. ஆனால் 254-க்கு 6 விக்கெட் என்ற நிலையிலிருந்து 258-க்குள் நான்கும் விழுந்ததைச் “சரிந்தது” என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அந்தச் சரிவு ஒரு கட்டத்துக்கு மட்டும் உரியது. முழு இன்னிங்ஸுக்கும் அதை ஏற்றிவிடக் கூடாது. முந்தைய நாள் பாகிஸ்தானுக்கும் இதே கதிதான். 4 விக்கெட்டுக்கு 275 என்று வலுவாக இருந்த அணி, மீதி ஆறு விக்கெட்டையும் 11 ரன்னுக்குள் இழந்தது. வெங்கடேஷ் பிரசாத் 18 பந்துகளில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட் எடுத்தார். இத்தகைய எண்கள் கையில் இருக்கும்போது “அனல் பறக்கும் பந்துவீச்சு” என்ற சொற்றொடர் எதற்கு? “எடுத்தார்” என்ற எளிய வினை போதும்.

போர்க்களச் சொற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம் என்றால் பழிதீர்த்தது, துவம்சம் செய்தது, மண்ணைக் கவ்வ வைத்தது என்று பேனா தானாகவே ஓடும். அன்று சேப்பாக்கத்தில் நடந்தது வேறு. தங்கள் அணி கைக்கெட்டிய வெற்றியை நழுவவிட்ட அதிர்ச்சியில் சற்று நேரம் உறைந்திருந்த சென்னை ரசிகர்கள், மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். போர் மொழியில் செய்தியைத் தொடங்கியவர் இந்தக் காட்சியை எந்தப் பத்தியில் வைப்பார்? வைத்தாலும் ஒட்டாது. ஆட்டத்தைப் பற்றிய மிக முக்கியமான ஓர் உண்மை, தவறான வினைச்சொற்களால் செய்தியிலிருந்து விழுந்துவிடும். “நடையைக் கட்டினார்” என்ற தொடரும் இப்படித்தான். சொற்ப ரன்னில் பொறுப்பில்லாமல் ஆட்டமிழந்தவருக்கே அந்தக் கேலி பொருந்தும். 273 பந்துகளைச் சந்தித்து 136 ரன் எடுத்தவர் “நடையைக் கட்டினார்” என்று எழுதுவது மரியாதைக்குறைவு, தகவலாகவும் தவறு.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் “அவர்”. செய்தியில் எல்லோரும் “ஆர்” விகுதி பெறுகிறார்கள். வீசுகிறவரும் அவர், ஆடுகிறவரும் அவர், பிடிக்கிறவரும் அவர். “சக்லைன் வீசிய பந்தை சச்சின் தூக்கியடிக்க, அவர் எதிர்பார்த்ததுபோல் பந்து போகாமல், அவர் கைக்குச் சென்றது” என்ற வாக்கியத்தில் முதல் அவர் யார், இரண்டாவது அவர் யார்? போதாக்குறைக்குத் தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் எழுதலாம். ஒரு பந்தில் இருவருக்கு மேல் வந்துவிட்டால் “அவர்” என்பதை அறவே தவிர்த்துப் பெயரையே திரும்பச் சொல்லிவிடுவது நல்லது. பெயர் திரும்ப வருவது வாசகரை உறுத்தாது. யார் என்று தெரியாமல் முந்தைய வரிக்குத் திரும்பிப் போவதுதான் உறுத்தும்.

இனி சச்சின் ஆட்டமிழந்த அந்த ஒரு பந்து. அதைச் சரியாக எழுத சக்லைனின் தூஸ்ரா எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆஃப் ஸ்பின் பந்து வலக்கை மட்டையாளருக்கு வெளியே குத்தி உள்ளே திரும்பும். தூஸ்ரா அதே கையசைவில் வரும், ஆனால் குத்தியதும் எதிர்ப்பக்கமாக வெளியே போகும். உள்ளே திரும்பும் பந்தை மிட் ஆன் பக்கம் தூக்குவது இயல்பான அடி. வெளியே போகும் பந்தை அதே பக்கம் இழுத்தால் மட்டையின் முகத்தில் படாமல் விளிம்பில் பட்டு, எதிர்ப்பக்கமான மிட் ஆஃபில் உயரக் கிளம்பும். அன்று நடந்தது அதுதான்; மிட் ஆஃபில் நின்ற கேப்டன் வாசிம் பிடித்தார். “சச்சின் அவசரப்பட்டு விக்கெட்டைப் பறிகொடுத்தார்” என்று மட்டும் எழுதினால் பழி முழுவதும் மட்டையாளர்மேல் விழுகிறது. பந்து என்ன செய்தது என்பதையும் எழுதினால் சக்லைனுக்கு உரிய பங்கு அவருக்குப் போகும். மைதான இடப்பெயர்களை எழுதுகிறவர் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: இடக்கை மட்டையாளர் ஆடும்போது ஆஃப் பக்கமும் லெக் பக்கமும் இடம் மாறிவிடும்.

இவையெல்லாம் சேர்ந்தால் அந்த நாளின் செய்தி ஏறத்தாழ இப்படி அமையும்:

“சென்னை, ஜன. 31: வெற்றிக்கு 17 ரன் இருந்தபோது சச்சின் டெண்டுல்கரை இழந்த இந்தியா, மீதி மூன்று விக்கெட்டையும் 4 ரன்னுக்குள் பறிகொடுத்து, சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன் வித்தியாசத்தில் தோற்றது. சச்சின் எடுத்த 136 ரன் வீணானது. இரண்டு இன்னிங்ஸிலும் தலா 5 விக்கெட் எடுத்த சக்லைன் முஷ்டாக் பாகிஸ்தானுக்கு வெற்றியைத் தேடித் தந்தார்.

271 ரன் இலக்கை நோக்கி, 2 விக்கெட்டுக்கு 40 ரன் என்ற நிலையில் இந்தியா நான்காம் நாளைத் தொடங்கியது. டிராவிட், அசாருதீன், கங்குலி மூவரும் நிலைக்கவில்லை. 82 ரன்னில் பாதி அணி வெளியேறியது. அங்கிருந்து சச்சினும் விக்கெட் கீப்பர் நயன் மோங்கியாவும் அணியைத் தூக்கி நிறுத்தினர். முதல் இன்னிங்ஸில் ரன் எடுக்காமல் ஆட்டமிழந்த சச்சின், முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடினார். இருவரும் ஆறாவது விக்கெட்டுக்கு 136 ரன் சேர்த்தனர். 52 ரன் எடுத்த மோங்கியா, வாசிமின் பந்தை ஓங்கி அடிக்கப்போய் வக்கார் யூனிஸிடம் கேட்ச் கொடுத்தார்.

ஸ்கோர் 254. சக்லைனின் பந்தை சச்சின் மிட் ஆன் பக்கம் தூக்கினார். குத்திய பந்து வெளியே விலகி, மட்டையின் விளிம்பில் பட்டு மிட் ஆஃபில் உயர்ந்தது. வாசிம் பிடித்தார். அதன்பின் கும்ப்ளே எல்பிடபிள்யூ ஆனார். சுனில் ஜோஷி, சக்லைனிடமே கேட்ச் கொடுத்தார். கடைசியாக ஸ்ரீநாத் தடுத்த பந்து பின்னோக்கி உருண்டு ஸ்டம்பைத் தொட, ஆட்டம் முடிந்தது. தோற்ற அணியில் இருந்தும் சச்சினே ஆட்டநாயகன்.”

இதில் பெயரடைகள் அநேகமாக இல்லை. மோங்கியாவுடன் சேர்த்த நீண்ட கூட்டணிக்கு நிதானமான வாக்கியங்களும், சச்சினின் விக்கெட்டுக்குக் குறுகிய வாக்கியங்களும் அமைந்திருக்கின்றன. “வாசிம் பிடித்தார்” என்ற இரண்டே சொற்களுக்கு முன்னால் பந்து காற்றில் இருந்த நேரம் முழுவதும் வாசகருக்குக் கிடைக்கிறது. வாக்கியத்தின் நீளத்தாலேயே ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். இந்தக் கலை கைவந்தவருக்கு ஆச்சரியக்குறி தேவைப்படாது.

சொல்தேர்வில் இடத்துக்கு இடம் வழக்கு மாறும். தமிழ்நாட்டில் ரன், ஓவர், டாஸ், கேட்ச் என்று எழுதுகிற இடங்களில், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ஓட்டங்கள், நாணயச் சுழற்சி, பிடி என்று எழுதும். மட்டையாளரைத் துடுப்பாட்ட வீரர் என்றும், ஃபீல்டிங்கைக் களத்தடுப்பு என்றும் சொல்லும். இரண்டும் வாழும் வழக்குகள். ஒரே செய்தியில் ஒரு பத்தியில் “ரன்”, அடுத்த பத்தியில் “ஓட்டங்கள்” என்று கலப்பதுதான் குறை. “ஆடுகளம்” என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கிரிக்கெட் செய்தியில் அது 22 கஜ நீள பிட்சைக் குறிக்கும். முழு இடத்துக்கும் “மைதானம்”. “ஆடுகளத்தைச் சுற்றி ரசிகர்கள் நிரம்பியிருந்தனர்” என்று எழுதினால் ரசிகர்கள் ஸ்லிப்பில் வந்து நிற்பார்கள். பெண்கள் கிரிக்கெட்டுக்குப் “பேட்ஸ்மேன்” என்ற சொல் பொருந்தாது. விதிகளை வகுக்கும் எம்சிசியே 2021-இல் அந்தச் சொல்லைக் கைவிட்டு “பேட்டர்” என்பதை ஏற்றது. தமிழில் மட்டையாளர், பந்துவீச்சாளர் என்ற சொற்கள் முன்பே இருபாலாருக்கும் பொது.

எழுதி முடித்ததும் ஸ்கோர் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை சரிபார்க்க வேண்டும். ஆல் அவுட் ஆன இன்னிங்ஸில் பந்துவீச்சாளர்கள் எடுத்த விக்கெட்டுகளையும் ரன் அவுட்டுகளையும் கூட்டினால் பத்து வர வேண்டும். அன்றைய இந்திய இன்னிங்ஸில் சக்லைனுக்கு 5, வாசிமுக்கு 3, வக்காருக்கு 2; பத்து சரியாக வருகிறது, ரன் அவுட் இல்லை. வராவிட்டால் எங்கோ ஒரு விக்கெட் தவறானவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது. அதேபோல் விக்கெட் விழுந்தபோது இருந்த ஸ்கோர்களுக்கும் கூட்டணி ரன்னுக்கும் ஒத்துவர வேண்டும்: 82-இல் ஐந்தாவது விக்கெட், அதன்மேல் 136 ரன் கூட்டணி என்றால் ஆறாவது விக்கெட் 218-இல் விழுந்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். அச்சுக்கு எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கிவிட்டுத்தான் செய்தியை அனுப்ப வேண்டும்.